செய்தித்தாளில் இரங்கல் விளம்பரம் கொடுப்பது எப்படி: உறவுமுறை வரிசை, வாசகம், செலவு

வீட்டில் ஒரு சாவு விழுந்ததும் பெரியவர்கள் வேலையைப் பிரித்துக் கொடுப்பார்கள். ஒருவர் ஐஸ் பெட்டிக்குச் சொல்வார், ஒருவர் மயானத்துக்குப் போவார், ஒருவர் ஊருக்கெல்லாம் போன் போடுவார். கொஞ்சம் படித்தவர், தமிழ் எழுதத் தெரிந்தவர் என்று யாராவது இருந்தால் அவரிடம் "பேப்பர்ல போடுற வேலையை நீ பார்த்துக்கோ" என்று தள்ளிவிடுவார்கள். எங்கள் குடும்பத்தில் அது என்னிடம் வந்தது. நான்கு வரி எழுதுவதுதானே என்று உட்கார்ந்தால், யார் பெயர் முதலில், யாருக்கு 'காலஞ்சென்ற' போடுவது, மருமகன் பெயரை விடலாமா என்று ஒவ்வொரு வரியிலும் ஒரு வழக்கு இருந்தது. அடுத்தவருக்கு அந்தப் பாடு வேண்டாம் என்றுதான் இதை எழுதுகிறேன்.

விளக்குவதற்கு ஒரு கற்பனைக் குடும்பத்தை எடுத்துக்கொள்கிறேன். மேற்கு மாம்பலத்தில் வசித்த சரஸ்வதி அம்மாள், வயது 78. கணவர் வேலாயுதம் மின்வாரியத்தில் வேலை பார்த்து ஓய்வு பெற்று, முன்பே இறந்துவிட்டார். பிள்ளைகள் பிறந்த வரிசைப்படி மல்லிகா, குமார், ரமேஷ், கவிதா. இதில் குமார் உயிரோடு இல்லை. அவர் மனைவி தேவி இருக்கிறார். கவிதா சிங்கப்பூரில் இருக்கிறார், திருமணமாகவில்லை. அம்மாள் இறந்தது 13.11.2025, வியாழக்கிழமை, நள்ளிரவு தாண்டி ஒன்றரை மணிக்கு.

1. முதலில் முடிவு செய்ய வேண்டியது: எந்தச் செய்திக்காக விளம்பரம்?

காலைப் பத்திரிகைக்கு இன்று கொடுத்தால் நாளைக் காலைதான் வரும். காலையில் இறந்தவரை மாலையில் எடுத்துவிடுகிற வீட்டில், இறுதி ஊர்வல நேரத்தைக் காலைப் பத்திரிகையில் போட்டுப் பயனில்லை. மறுநாள் படிக்கிறவர் "முடிந்துவிட்டதே" என்று உச்சுக்கொட்டுவார், அவ்வளவுதான். அப்படிப்பட்ட வீட்டில் மறைவுச் செய்தியோடு காரியத் தேதியையும் இடத்தையும் சேர்த்து இரண்டு நாள் கழித்துப் போடுவது மேல். அதற்குள் மனசும் கொஞ்சம் நிதானப்படும், பெயர்களையும் சரிபார்க்கலாம்.

இரவில் இறந்து மறுநாள் மாலை எடுப்பதாக இருந்தால், மாலை மலர், மாலை முரசு போன்ற மாலைப் பத்திரிகைகள் உதவும். அவை மதியத்துக்கு மேல் கடைக்கு வந்துவிடும். ஆனால் காலையிலேயே வாசகமும் படமும் அவர்கள் கையில் இருக்க வேண்டும்.

நம் உதாரணத்தில் கவிதா சிங்கப்பூரிலிருந்து வர வேண்டும். அதனால் வெள்ளிக்கிழமை பிற்பகல் 3 மணிக்கு எடுப்பது என்று முடிவாகிறது. வியாழக்கிழமை பகலில் கொடுத்தால் வெள்ளிக் காலைப் பத்திரிகையில் வரும், படித்தவர்கள் கிளம்பி வர நேரமும் இருக்கும். இங்கே ஊர்வல நேரத்தைப் போடுவதில் அர்த்தம் இருக்கிறது.

எந்தப் பதிப்பு என்பதையும் இப்போதே முடிவு செய்யுங்கள். தினத்தந்தி, தினமலர், தினமணி, இந்து தமிழ் திசை எல்லாவற்றுக்கும் பல ஊர்ப் பதிப்புகள் உண்டு. சென்னைப் பதிப்பில் மட்டும் போட்டால் திருநெல்வேலியில் இருக்கும் சித்தப்பா வீட்டுப் பேப்பரில் அது வராது. எல்லாப் பதிப்பிலும் போட்டால் செலவு எகிறிவிடும். சென்னையும் சொந்த ஊர்ப் பதிப்பும் என்று இரண்டு மட்டும் போடுவதுதான் பெரும்பாலான குடும்பங்களுக்குப் போதுமானது.

2. கையில் வைத்திருக்க வேண்டிய காகிதங்கள்

இறந்ததற்கு ஏதாவது ஆதாரம் இல்லாமல் பத்திரிகைகள் விளம்பரம் வாங்குவதில்லை. உயிரோடு இருப்பவரைப் பற்றி வேண்டாதவர்கள் இரங்கல் விளம்பரம் கொடுத்துவிடக் கூடாதே என்பதுதான் காரணம். மாநகராட்சி இறப்புச் சான்றிதழ் அன்றைக்கே கிடைக்காது, அதை யாரும் எதிர்பார்ப்பதும் இல்லை. மருத்துவமனையில் இறந்திருந்தால் அவர்கள் உடலோடு கொடுக்கும் மரண அறிக்கை போதும். வீட்டில் இறந்திருந்தால் பார்த்த டாக்டர் எழுதிக் கொடுக்கும் சான்று வேண்டும். அந்தச் சான்றை மயானத்திலும் கேட்பார்கள் என்பதால் எப்படியும் வாங்கித்தான் ஆக வேண்டும். காரியத்துக்காகப் பிறகு விளம்பரம் கொடுப்பதானால் மயான ரசீதைக் காட்டலாம்.

இதோடு இறந்தவரின் ஆதார் நகல், விளம்பரம் கொடுப்பவரின் ஆதார் நகல், உங்கள் கைபேசி எண். நீங்கள் இறந்தவருக்கு என்ன உறவு என்று கேட்பார்கள். மகன், மகள், மருமகன் என்று நெருங்கிய உறவினரே கொடுத்தால் கேள்வி குறையும். எல்லாவற்றையும் போட்டோ எடுத்து ஒரே வாட்ஸ்அப் உரையாடலில் போட்டு வையுங்கள். முகவர் கேட்கும்போது யார் போனில் எது இருக்கிறது என்று தேட முடியாது.

படம்: ஆதார் அட்டையில் இருக்கும் படத்தைக் கொடுக்காதீர்கள். செய்தித்தாள் காகிதத்தில் அது கரிப்பூச்சாக வரும். ஒரு கல்யாணத்தில் எடுத்த படத்தில் முகம் பெரிதாக, பின்னணி வெளுப்பாக இருந்தால் அதை வெட்டிக் கொடுங்கள். வாட்ஸ்அப்பில் படமாக அனுப்பினால் தரம் குறைந்துவிடும், ஆவணமாக இணைத்து அனுப்புங்கள்.

3. உறவுப் பட்டியலைத் தனித் தாளில் எழுதுங்கள்

முகவருக்குப் போன் செய்வதற்கு முன்பே இதை முடித்துவிட வேண்டும். போனில் அவர் "சொல்லுங்க சார், எழுதிக்கிறேன்" என்பார். சொல்லிக்கொண்டே போனால் நினைவுக்கு வந்த வரிசையில்தான் பெயர்கள் அச்சாகும்.

பொதுவாகப் பின்பற்றும் வரிசை இது. கணவன் அல்லது மனைவி உயிரோடு இருந்தால் அவர் முதலில். பிறகு பிள்ளைகள், அவரவர் துணையோடு. பிறகு பேரன் பேத்திகள், கொள்ளுப் பேரன் பேத்திகள். அதற்குப் பிறகு உடன்பிறந்தவர்கள். கடைசியில் பெயர் இல்லாமல் சம்பந்திகள், பங்காளிகள், மாமன் மைத்துனர்கள், உற்றார் உறவினர், நண்பர்கள். இறந்தவர் சிறு வயதுக்காரராக இருந்து பெற்றோர் உயிரோடு இருந்தால், பெற்றோர் பெயர்தான் முதலில் வர வேண்டும், மனைவிக்கும் முன்னால். இதைச் சில வீடுகளில் மாற்றிப் போட்டுவிட்டு வருஷக்கணக்கில் பேச்சு வாங்குகிறார்கள்.

சண்டை வருகிற இடம் பிள்ளைகள் வரிசை. பழைய வழக்கப்படி மகன்கள் எல்லோரும் முதலில், அப்புறம் மகள்கள். இப்போது பல வீடுகளில் ஆண் பெண் பார்க்காமல் பிறந்த வரிசையில் போடுகிறார்கள். சரஸ்வதி அம்மாள் வீட்டில் மூத்தவள் மகள். பழைய முறையில் போட்டால் அறுபதை நெருங்கும் மல்லிகா, தம்பிகளுக்குக் கீழே போய்விடுவார். எனக்கு இரண்டாவது முறைதான் சரியென்று படுகிறது. ஆனால் என் அபிப்பிராயத்தைவிட முக்கியம், எந்த முறை என்பதை வீட்டில் மூத்தவர் ஒருவர் வாயால் சொல்லிவிடுவது. அவர் சொல்லிவிட்டால் பிறகு எழுதியவர் தலையில் யாரும் ஏற மாட்டார்கள். முறை எதுவானாலும் அதற்குள் வயது வரிசை மாறக் கூடாது. மருமகளும் மருமகனும் தம் வயதுப்படி வருவதில்லை. துணையின் இடம்தான் அவர்கள் இடம்.

இறந்துபோன பிள்ளையை என்ன செய்வது? குமார் பெயரை விட்டுவிட்டால் தேவிக்கும் அவர் பிள்ளைகளுக்கும் அது பெரிய அடி. விடக் கூடாது. ஆனால் "காலஞ்சென்ற குமார் – தேவி" என்று எழுதினால் இரண்டு பேரும் இறந்ததாகவும் படிக்கலாம். "தேவி (அமரர் குமாரின் மனைவி)" என்று எழுதிவிட்டால் குழப்பம் இல்லை. இதே சிக்கல் பெற்றோர் பெயரிலும் வரும். "காலஞ்சென்ற கந்தசாமி, பார்வதி ஆகியோரின் மகன்" என்றால் பார்வதி இருக்கிறாரா இல்லையா என்று தெரியாது. இருவரும் இல்லையென்றால் "காலஞ்சென்றவர்களான" என்று போடுங்கள். அம்மா இருக்கிறார் என்றால் "காலஞ்சென்ற கந்தசாமி அவர்களுக்கும் திருமதி பார்வதி அவர்களுக்கும் மகன்" என்று பிரித்துவிடுங்கள். நன்றாக இருக்கும் ஒரு பாட்டியைப் பேப்பரில் சாகடித்துவிட்டு மறுநாள் பதில் சொல்ல முடியாது.

மணமுறிவு, இரண்டாம் திருமணம், பேச்சுவார்த்தை இல்லாத மருமகன் என்று எல்லாக் குடும்பத்திலும் ஏதோ ஒன்று உண்டு. அப்படி இருந்தால் எல்லாப் பிள்ளைகளுக்கும் ஒரே மாதிரி துணையின் பெயரை விட்டுவிடுவது ஒரு வழி. "மகள்கள், மகன்கள், மருமக்கள், பேரக்குழந்தைகள்" என்று பெயரே இல்லாமல் முடிப்பது இன்னொரு வழி. ஒருவருக்கு மட்டும் விட்டால்தான் அது கண்ணில் படும். விளம்பரத்தில் பெயர் வந்தால் சொத்தில் பங்கு, வராவிட்டால் பங்கு போச்சு என்று யாராவது கிளப்புவார்கள். அதற்கும் இதற்கும் தொடர்பில்லை. வாரிசுச் சான்றிதழ் தாலுகா அலுவலக விசாரணையில் கிடைப்பது; பேப்பர் துண்டைப் பார்த்து அதைக் கொடுப்பதில்லை.

பெயர்களின் எழுத்துகளைக் குடும்ப அட்டையையும் பழைய கல்யாணப் பத்திரிகைகளையும் வைத்துச் சரிபாருங்கள். இனிஷியலில் கவனம் வேண்டும். குமாரசாமியின் மகன் வேலாயுதம் தமிழில் கு. வேலாயுதமாகவும், அலுவலகத்தில் கே. வேலாயுதமாகவும் இருந்திருப்பார். அவரைத் தெரிந்தவர்கள் எப்படி அழைத்தார்களோ அப்படிப் போடுங்கள், ஆனால் எல்லோருக்கும் ஒரே முறையில். அப்பாவுக்குத் தமிழ் எழுத்தும் மகனுக்கு ஆங்கில எழுத்தின் ஒலியும் என்று கலந்தால் பார்க்கவே ஒட்டாது.

4. வாசகம்: யார் பார்வையில் உறவு?

முழுக் கட்டுரையில் ஒன்றை மட்டும் நினைவில் வைப்பதானால் இதை வைத்துக்கொள்ளுங்கள். விளம்பரத்தில் உறவு இரண்டு இடத்தில் வரும். மேலே ஓடுகிற வாக்கியத்தில், இறந்தவர் மற்றவருக்கு என்ன உறவு என்று சொல்கிறோம்: "ரமேஷின் தாயார்". கீழே பட்டியலில், மற்றவர் இறந்தவருக்கு என்ன உறவு என்று சொல்கிறோம்: "மகன்: ரமேஷ்". இரண்டையும் கலந்தால்தான் மருமகன் மாமனார் ஆவதும் தங்கை அண்ணன் ஆவதும் நடக்கிறது.

பிள்ளைகள் பெயரை மேலேயும் கீழேயும் இரண்டு முறை போடுவது வீண் செலவு. மேலே வாழ்க்கைத் துணையை மட்டும் சொல்லிவிட்டு, மற்றவர்களைக் கீழே பட்டியலில் வையுங்கள். மேலே அடுக்கியே தீர வேண்டும் என்றால் "மனைவியும், தாயாரும், பாட்டியுமான திருமதி" என்று கடைசி உறவில் 'உமான' வந்து பெயரோடு சேர வேண்டும். நடுவில் எங்காவது முற்றுப்புள்ளி விழுந்தால் வாக்கியம் அறுந்துவிடும்.

இறந்ததைச் சொல்லும் சொல் வீட்டுக்கு வீடு வேறு. 'காலமானார்' எல்லோருக்கும் பொருந்தும். 'இறைவனடி சேர்ந்தார்' இந்து வீடுகளில் பொது. சைவர் சிலர் 'சிவபதம் அடைந்தார்' என்றும், வைணவர் 'பரமபதம் அடைந்தார்' என்றும் போடுவார்கள். கிறிஸ்தவ வீடுகளில் 'கர்த்தருக்குள் நித்திரை அடைந்தார்', முஸ்லிம் வீடுகளில் 'வஃபாத்தானார்'. பகுத்தறிவுக் குடும்பங்களில் 'இயற்கை எய்தினார்' அல்லது 'மறைவுற்றார்' என்று எழுதி, காரியத்துக்குப் பதிலாகப் படத்திறப்பு நிகழ்ச்சியைச் சொல்வார்கள். நீங்கள் பக்திமான் என்பதற்காக வாழ்நாள் முழுக்கக் கறுப்புச் சட்டை போட்ட பெரியப்பாவை இறைவனடியில் சேர்த்துவிடாதீர்கள்.

தகனம் என்றால் எரிப்பது, நல்லடக்கம் என்றால் புதைப்பது. கேட்க நன்றாக இருக்கிறது என்று மின்மயானத்துக்குக் கொண்டுபோகிறவருக்கு 'நல்லடக்கம்' போட்டிருப்பதைப் பலமுறை பார்த்திருக்கிறேன். இன்னொரு வழக்கமான தவறு: "அன்னாரின் இறுதி ஊர்வலம் மாலை 3 மணிக்குப் புறப்பட்டு மயானத்தில் தகனம் செய்யப்படும்." இதன்படி தகனம் ஆவது ஊர்வலம்தான். இரண்டு வாக்கியமாக வெட்டிவிட்டால் தீர்ந்தது. 'அன்னார்' என்பதில் ரெண்டுசுழி 'ன' தான்; மூன்றுசுழி போட்டால் அண்ணனோடு சேர்ந்துவிடும்.

சாவுக்கு யாரையும் அழைப்பதில்லை, தெரிவிப்பதுதான் வழக்கம். அதனால்தான் "ஆழ்ந்த வருத்தத்துடன் தெரிவித்துக்கொள்கிறோம்" என்று முடிக்கிறோம். முகவரிடம் இருக்கும் பழைய மாதிரியிலிருந்து "தங்கள் வரவை எதிர்நோக்கும்" போன்ற கல்யாணப் பத்திரிகை வரி ஒட்டிக்கொண்டு வரும். அதை அடித்துவிடுங்கள். காரியத்துக்கு "கலந்துகொள்ளுமாறு கேட்டுக்கொள்கிறோம்" என்று எழுதலாம், ஆனால் '16-ம் நாள் விழா' என்று எழுதக் கூடாது.

இப்போது நம் உதாரணம் இப்படி வரும்:

> காலமானார்
>
> சென்னை மேற்கு மாம்பலத்தில் வசித்து வந்தவரும், காலஞ்சென்ற திரு. கு. வேலாயுதம் (மின்வாரியம், ஓய்வு) அவர்களின் மனைவியுமான திருமதி வே. சரஸ்வதி அம்மாள் (வயது 78) அவர்கள் 13.11.2025 வியாழக்கிழமை அதிகாலை 1.30 மணியளவில் இறைவனடி சேர்ந்தார் என்பதை ஆழ்ந்த வருத்தத்துடன் தெரிவித்துக்கொள்கிறோம்.
>
> அன்னாரின் இறுதி ஊர்வலம் 14.11.2025 வெள்ளிக்கிழமை பிற்பகல் 3 மணிக்கு இல்லத்திலிருந்து புறப்படும். தகனம் கண்ணம்மாபேட்டை மயானத்தில் நடைபெறும்.
>
> துயரத்துடன்,
> மகள் – மருமகன்: மல்லிகா – சுந்தரம்
> மருமகள்: தேவி (அமரர் குமாரின் மனைவி)
> மகன் – மருமகள்: ரமேஷ் – பிரியா
> மகள்: கவிதா (சிங்கப்பூர்)
> பேரன் பேத்திகள்: அருண், நிவேதா, ஹரிணி
> சகோதரர்: பாலசுப்பிரமணியன் (திருவாரூர்)
> மற்றும் உற்றார் உறவினர்

இல்ல முகவரி ஒரு வரியும் தொடர்பு எண் ஒன்றும் கடைசியில் சேர வேண்டும். அந்த எண் கொள்ளி வைப்பவருடையதாக இருக்க வேண்டாம். அன்று முழுக்க அவரால் போன் எடுக்க முடியாது. மேலும் விளம்பரம் வந்த காலையிலிருந்தே சமையல்காரர், படம் பிரேம் போடுகிறவர் என்று வியாபார அழைப்புகளும் வரும். மருமகனோ சித்தப்பா மகனோ பொறுமையாகப் பேசக்கூடிய ஒருவருடைய எண்ணைக் கொடுங்கள். ஊர்வலம் போகும் நேரத்தையும் முகவரியையும் ஊருக்கே சொல்லியிருக்கிறோம் என்பதால், அந்த நேரத்தில் வீட்டில் ஆள் இருக்கட்டும்.

பட்டங்களும் பதவிகளும் எல்லோருக்கும் போட ஆசை வரும். ஒவ்வொரு அடைப்புக்குறியும் காசு. இறந்தவரின் அல்லது அவர் துணையின் வேலையை மட்டும் போட்டால் பழைய சக ஊழியர்கள் அடையாளம் கண்டுகொள்வார்கள். பிள்ளைகளின் படிப்பைப் போட்டு ஆகப்போவது ஒன்றுமில்லை.

5. தேதிச் சிக்கல்: நள்ளிரவு தாண்டிய மரணம்

சரஸ்வதி அம்மாள் இறந்ததை வீட்டில் எல்லோரும் "புதன்கிழமை ராத்திரி" என்றுதான் சொல்வார்கள். மருத்துவமனைக் காகிதத்தில் 13-ம் தேதி, அதாவது வியாழன் என்று இருக்கும். விளம்பரத்தில் காகிதத்தில் உள்ள தேதியைத்தான் போட வேண்டும். 'இரவு 1.30' என்று எழுதினால் படிப்பவர் எந்த இரவு என்று யோசிப்பார், 'அதிகாலை' என்று போட்டால் தெளிவு.

காரிய நாள் வேறு கணக்கு. பஞ்சாங்கப்படி சூரிய உதயம் வரைக்கும் முந்தைய நாள்தான். அதனால் அய்யர் புதன்கிழமையை முதல் நாளாக வைத்து எண்ணினால் 16-ம் நாள் நவம்பர் 27, வியாழன். நீங்கள் காகிதத் தேதியிலிருந்து எண்ணினால் 28, வெள்ளி. நீங்களே எண்ணிப் போட்டுவிடாமல் காரியம் செய்து வைப்பவரிடம் தேதியும் கிழமையும் கேட்டு எழுதுங்கள். 13-ம் நாளில் சுபம் செய்யும் வீடுகளிலும் இதே சிக்கல் வரும். தேதிக்கும் கிழமைக்கும் பொருத்தம் இருக்கிறதா என்று நாட்காட்டியில் ஒரு தடவை பார்த்துவிடுங்கள்.

6. அளவும் செலவும்

படத்தோடு கட்டம் கட்டி வரும் விளம்பரத்துக்குச் சதுர சென்டிமீட்டர் கணக்கில் காசு. அகலம், உயரம், விலை மூன்றையும் பெருக்கி, அதன் மேல் 5 சதவீத ஜிஎஸ்டி. ஒரு சதுர செ.மீ. 400 ரூபாய் என்று ஒரு பேச்சுக்கு வைத்துக்கொள்வோம். 8 செ.மீ. அகலம், 10 செ.மீ. உயரம் என்றால் 80 சதுர செ.மீ.; 32,000 ரூபாய். வரி 1,600 சேர்ந்தால் 33,600. உண்மையான விலை பத்திரிகை, பதிப்பு, பக்கம், வண்ணம் இவற்றைப் பொறுத்து ரொம்பவே மாறும். போனில் கேட்கும்போது மொத்தத் தொகையைக் கேட்காதீர்கள், சதுர செ.மீ. விலை என்ன, வரி சேர்த்தா சேர்க்காமலா என்று கேளுங்கள். அப்போதுதான் இரண்டு முகவர்களை ஒப்பிட முடியும்.

'இரங்கல் விளம்பரத்துக்கான ரேட்' என்று குறிப்பிட்டுக் கேளுங்கள். வியாபார விளம்பர விலையைவிட அது குறைவாக இருக்க வாய்ப்புண்டு, கேட்காவிட்டால் சிலர் சொல்வதில்லை. முகவருக்குப் பத்திரிகையே கழிவு கொடுக்கும். அதனால் 'சேவைக் கட்டணம்', 'வடிவமைப்புக் கட்டணம்' என்று தனியாகக் கேட்டால் எதற்கு என்று கேட்கலாம். துக்கத்தில் இருப்பவர் பேரம் பேச மாட்டார் என்பது அவர்களுக்குத் தெரியும். ஆகவே பணம் பேசும் வேலையை வீட்டுக்காரரிடம் விடாமல் சற்றுத் தள்ளி நிற்கும் உறவினர் ஒருவரிடம் கொடுங்கள்.

மேலே உள்ள மாதிரி வாசகமும் ஒரு சிறிய படமும் 8-க்கு 10 கட்டத்தில் படிக்கும்படி அடங்கும். பெயர்கள் கூடக் கூட முகவர் கட்டத்தைப் பெரிதாக்கச் சொல்லுவார், இல்லையென்றால் எழுத்தைச் சிறிதாக்குவார். பெரியவர்கள்தான் இந்தப் பக்கத்தைத் தேடிப் படிக்கிறார்கள். எழுத்தைச் சுருக்குவதைவிடப் பெயர்களைச் சுருக்குங்கள்.

கையில் பணம் குறைவாக இருந்தால் படமில்லாமல் வரிக் கணக்கில் போடும் சிறு விளம்பரம் இருக்கிறது. அதில் பெயர், வயது, ஊர், நேரம் மட்டும் போட்டால் செலவு வெகுவாகக் குறையும். உறவுப் பட்டியலுக்கு அதில் இடமில்லை, சண்டைக்கும் இடமில்லை.

எப்போது கொடுப்பது என்றால், மதியத்துக்குள் வாசகத்தைக் கொடுத்துவிடுங்கள். இரங்கல் விளம்பரத்துக்கு மாலை வரைக்கும், சில நேரம் அதற்கு மேலும் இடம் கொடுப்பார்கள். ஆனால் தாமதமாகக் கொடுத்தால் மாதிரிப் படியைச் சரிபார்க்க நேரம் கிடைக்காது.

7. மாதிரிப் படியைப் பார்க்காமல் சரி சொல்லாதீர்கள்

விளம்பர அலுவலகங்கள் பலவற்றில் இன்னும் பழைய தமிழ் எழுத்துருக்களில்தான் வடிவமைக்கிறார்கள். நீங்கள் போனில் தட்டி அனுப்பியதை அவர்கள் மாற்றும்போது எழுத்து உடையும், இல்லையென்றால் மறுபடி தட்டச்சு செய்வார்கள். எப்படியானாலும் பிழை நுழைய வழி இருக்கிறது. ஸ்ரீ, ஷ, ஹ வரும் பெயர்களும், கொம்பும் காலும் சேர்ந்த எழுத்துகளும் முதலில் கெடும். ஹரிணி, ஸ்ரீதர் போன்ற பெயர்கள் இருந்தால் கண்ணில் எண்ணெய் ஊற்றிப் பாருங்கள். நீங்கள் அனுப்பும் வாசகத்தோடு அதைக் கையால் எழுதிய தாளின் படத்தையும் அனுப்பினால், எழுத்து உடைந்தாலும் அவர்கள் பார்த்துச் சரிசெய்ய முடியும்.

எங்களுக்கு வந்த மாதிரிப் படியில் மருமகள் பெயருக்கு முன்னால் இருந்த 'அமரர்' அடுத்த வரிக்குத் தாவியிருந்தது. உயிரோடு இருக்கும் ஒருவர் இறந்தவராகியிருப்பார். வீட்டில் நாலு பேர் பார்த்தும் கண்ணில் படவில்லை, ஏனென்றால் எல்லோரும் அவரவர் பெயரைத்தான் பார்த்தார்கள். பக்கத்து வீட்டுக்காரர் ஒருவர் சத்தமாகப் படித்தபோதுதான் தெரிந்தது. அதனால் மாதிரியைக் குடும்பத்தைச் சேராத ஒருவரிடம் கொடுத்து வாய்விட்டுப் படிக்கச் சொல்லுங்கள். நீங்கள் கையில் உறவுத் தாளை வைத்துக்கொண்டு ஒவ்வொரு பெயராக டிக் போடுங்கள். போன் எண்ணை அச்சில் இருப்பதைப் பார்த்தே அழுத்தி, மணி அடிக்கிறதா என்று பாருங்கள்.

திருத்தம் சொல்வதை வாயால் சொல்லாமல் எழுத்தில் அனுப்புங்கள். கடைசிப் படிக்கு "இதைப் போடலாம்" என்று ஒரே ஒருவர் மட்டும் பதில் அனுப்ப வேண்டும். ஆளாளுக்கு முகவருக்குப் போன் செய்து பெயர் சேர்க்கச் சொன்னால் எது கடைசிப் படி என்று அவருக்கே தெரியாமல் போகும். நீங்கள் சரியென்று அனுப்பிய படியில் இருந்த பிழைக்குப் பத்திரிகை பொறுப்பேற்காது. சரியான படி கொடுத்தும் அச்சில் தவறாக வந்திருந்தால் அன்றைக்கே தொடர்புகொண்டு மறுபடி வெளியிடச் சொல்லலாம். அப்போது அந்த வாட்ஸ்அப் பதில்தான் உங்கள் சாட்சி.

8. வெளியான காலையில்

இ-பேப்பரில் பக்கத்தைத் தேடி எடுத்து வெளிநாட்டில் இருப்பவர்களுக்கு அனுப்பிவிடுங்கள். நீங்கள் கேட்ட பதிப்பில்தான் வந்திருக்கிறதா என்பதையும் அங்கேயே பார்த்துவிடலாம். அச்சுப் பிரதி வேண்டுமென்றால் காலையிலேயே கடையில் நாலைந்து வாங்கி வையுங்கள். மறுநாள் கிடைப்பது கஷ்டம். ஜிஎஸ்டி எண்ணோடு கூடிய ரசீதை முகவரிடம் கேட்டு வாங்கி, காரியச் செலவுக் கணக்கு எழுதுகிறவரிடம் கொடுத்துவிடுங்கள். செலவைப் பங்கு போடும்போது பேப்பர் செலவு எவ்வளவு என்று நிச்சயம் கேட்பார்கள்.